வாப்பாவின் முன்கைகள்

1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூன்றாந் தேதி, புதன்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த பின்னர், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில், ஊருக்கு மார்க்கம் சொல்லும் ஆதம்பாவா லெப்பையின் வீட்டு முன்கூடத்தில் ஒரு வழக்குப் பேசப்பட்டது. வழக்குக்குரியவர் மீராசாஹிபுத் தண்டல். வயது எழுபத்தொன்பது. சங்கு குளிக்கும் தோணிகளை இளமை முதல் நடத்தியவர். மனைவி மௌத்தான பின் இளைய மகள் சரீபாவின் வீட்டில் இருப்பவர். வழக்கைக் கொண்டுவந்தவள் மூத்த மகள் ஹவ்வா உம்மா. மன்னார்ப் பட்டினத்து மூர்வீதியில் வசிக்கும் விதவை. குற்றச்சாட்டு ஒன்றுதான்: தங்கையின் வீட்டில் தகப்பனை அடிக்கிறார்கள்.

சான்றாக அவள் காட்டியவை தகப்பனுடைய முன்கைகள். முழங்கைக்குக் கீழே, வெளிப்புறத்திலும் புறங்கையிலும், நாவற்பழத்தைத் தேய்த்ததுபோல் கருஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தன. சில விரல்நுனி அளவின. சில உள்ளங்கையளவு பரந்தவை. இடது கையில் நான்கு திட்டுகள் வரிசையாக இருந்தன. அந்த நான்கையும் ஹவ்வா உம்மா தன் நான்கு விரல்களையும் வைத்து அளந்து காட்டினாள். விரல்கள் பொருந்தின.

"பாருங்கோ லெப்பை. மனிசன்ர விரல் இல்லாமல் இது பேய்ட விரலோ?"

சரீபா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய கணவன் ஹுசைன் வலைகாரன், குரல் பெரியது. அந்தக் குரலே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அஞ்சியதாலோ என்னவோ, அன்று மெல்லப் பேச முயன்றான்.

"மாமாட வாயால கேளுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

லெப்பை முதியவரிடம் திரும்பினார். "தண்டல், உங்களை ஆரும் அடிச்சதோ?"

"இல்லை."

"அப்ப இந்த அடையாளங்கள் எப்படி வந்தது?"

"தெரியாது."

"தெரியாதெண்டா?"

"தெரியாதெண்டாத் தெரியாதுதான். கண்ணால காணாத விஷயத்துக்கு நான் சாட்சி சொல்லுறவனில்லை."

"சரீபா உங்கட கையைப் பிடிக்கிறவளோ?"

"பிடிப்பாள். காலமையும் பிடிப்பாள். பின்னேரமும் பிடிப்பாள்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹுசைனுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கொஞ்சம் நீட்டிச் சொன்னால் நாக்குத் தேஞ்சுபோமோ? நான் உங்களை அடிச்சனானோ?"

"இல்லையெண்டு முதலே சொல்லிப்போட்டன். ஒருக்காச் சொன்னாக் காணாதோ?"

மீராசாஹிபு பொய் பேசுபவரல்லர். உண்மையையும் ஒரு சொல் மிகுதியாகப் பேசுபவரல்லர். அவரால் தங்கள் பக்கம் காப்பாற்றப்படும் என்று நினைத்த இருவருக்கும் அன்று அவர் வாய் பயன்படவில்லை. லெப்பை தாடியை நீவிக்கொண்டு ஒரு வழி சொன்னார். பத்தொன்பதாந் தேதி ஜும்ஆ வரைக்கும் முதியவர் மூத்த மகளுடன் இருக்கட்டும். அங்கே புதிய அடையாளம் ஒன்றும் வராவிட்டால் அவர் அங்கேயே இருப்பார். சரீபா வீட்டுக்கு ஊர் ஒரு பதில் சொல்லும். வந்தால் மறுபடி பேசலாம்.

வண்டியில் ஏறும்போது சரீபா கதவை விட்டு வெளியே வந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ராத்தா, வாப்பாட கையைப் பாத்துப் பிடியுங்கோ."

"எனக்கு நீ படிப்பிக்க வந்திட்டியோ?" என்றாள் ஹவ்வா உம்மா. வண்டி புறப்பட்டது.

மூர்வீதி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடமும் ஒரு நேரமும் இருந்தன. செம்பு கிணற்றுக்கட்டின் வலப்பக்கம், துவாலை கொடியில், தொழுகைப் பாய் அலுமாரியின் மேல் தட்டில். அந்த ஒழுங்குக்குள் தகப்பனையும் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஹவ்வா உம்மா நம்பினாள். ஒவ்வொரு நாள் காலையும் வெளிச்சத்தில் அவருடைய கைகளை மடியில் வைத்துப் பார்த்தாள். பழைய திட்டுகள் கறுத்து, பிறகு துருப்பிடித்த நிறமாயின. அவளுக்குத் திருப்தியாயிருந்தது. தங்கை செய்த அநியாயம் தன் வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வலது முன்கையில் புதிதாய் ஒன்று தெரிந்தது. சிவந்து, விளிம்பு கூர்மையாக, ஒரு சல்லிக்காசளவு.

"வாப்பா, இது என்ன?"

"எது?"

"இது. நோகுதோ?"

"இல்லை. நீ காட்டின பிறகுதான் கண்டனான்."

வண்டியின் சட்டத்தில் இடித்திருக்கும் என்று அவள் முடிவு செய்தாள். வண்டிப் பயணம் முடிந்து நான்கு நாட்களாகிவிட்டன என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை இன்னொன்று, இந்த முறை இடது புறங்கையில். அன்று காலை படியிறங்கும்போது அவள் பிடித்திருந்த இடம் அது. அதையும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் மாலையில் தன் பெட்டியிலிருந்து கணவனுடைய பழைய நீளக்கைச் சட்டையை எடுத்துத் தகப்பனுக்கு மாட்டினாள்.

"சூடாக்கிடக்கு," என்றார் அவர்.

"சோளகக் காத்து. உடம்புக்கு ஆகாது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். சட்டைக்கும் சோளகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒலு எடுக்கும் நேரத்தில்தான் அது நடந்தது. மீராசாஹிபு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக் கல்லில் குந்தியிருந்தார். கழுவி முடித்து எழும்போது பாசியில் கால் வழுக்கியது. அருகில் நின்ற ஹவ்வா உம்மா எட்டிப் பிடித்தாள். பிடித்தது வலது முன்கையை. அவர் விழவில்லை. ஆனால் அவளுடைய பிடிக்குள்ளே தோல் மட்டும் தனியாக நழுவியது. நனைந்த காகிதம் மேசையிலிருந்து வழுகுவதுபோல் நழுவியது. கையை எடுத்தபோது, அவளுடைய காப்பின் விளிம்பு பட்ட இடத்தில் முக்கோண வடிவில் தோல் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அடியில் சிவந்த ஈரச் சதை. இரத்தம் பெருக்கெடுக்கவில்லை, ஊறியது.

"அல்லாஹ்!" என்றாள்.

"பயப்படாதை. நோகேல்லை," என்றார் தகப்பன். அது முழு உண்மையல்ல, எரிந்துகொண்டிருந்தது. அவருடைய வாயிலிருந்து அவள் கேட்ட முதல் மிகைச்சொல் அதுவாக இருந்தது.

அவள் செய்தது அந்தத் தெருவில் எவரும் செய்வது. காயத்தில் கோப்பித்தூளை அப்பி, பழஞ்சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். இரத்தம் நின்றது. ஆனால் அந்தியில் மஃரிபுக்கு மீண்டும் ஒலு எடுக்கவேண்டும். தண்ணீர் தோலில் பட வேண்டும். துணிக்கு மேலே ஊற்றினால் ஒலு ஆகாது என்று முதியவர் உறுதியாக இருந்தார். கட்டை அவிழ்த்தாள். உலர்ந்த கோப்பித்தூளோடும் துணியோடும் ஒட்டியிருந்த தோல்மடிப்பு, துணியோடு சேர்ந்து மேலெழுந்தது. மறுபடி இரத்தம். மறுபடி கோப்பித்தூள். இஷாவுக்கும் சுபஹுக்கும் அப்படியே. காலையில் காயம் இரட்டித்திருந்தது. இறுகிய கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கியிருந்தன. சரீபாவின் வீட்டில் அவள் கண்ட எந்த அடையாளமும் இதற்கு ஈடாகாது.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஜும்ஆவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காயத்தை எவருக்கும் காட்டாமல் ஆற்றிவிட அது போதும் என்று வழியில் கணக்குப் போட்டாள்.

அப்போதிக்கரி கிறகரி வங்காலைக்காரர், ஒல்லியானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுபவர். கட்டைத் தொட்டுப் பார்த்தவர் அவிழ்க்கவில்லை. கொதித்து ஆறிய உப்புநீரைப் பஞ்சில் ஊற்றி ஊற்றித் துணியை நனைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"இழுத்தா என்ன, ஐயா?" என்று கேட்டாள் ஹவ்வா உம்மா. "காஞ்ச துணிதானே."

"நீங்கள் இழுத்துத்தான் இப்படிக் கிடக்கு, உம்மா." அவர் நிமிர்ந்தார். "ஆர் இவருக்கு அடிச்சது?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் அவளே கேட்ட கேள்வி. அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்பதும், 'ஒருவரும் இல்லை' என்றால் எவரும் நம்பப்போவதில்லை என்பதும் அவளுக்குச் சட்டெனத் தெரிந்தன.

"விழப்பாத்தவர். பிடிச்சனான்."

"மற்றத் திட்டுகள்?"

"தெரியாது," என்றாள். தகப்பனுடைய சொல் அவள் வாயில் வந்தது.

கிறகரி அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை, முதியவரைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்முரசை அழுத்தினார். மூக்கால் இரத்தம் வருகிறதா, சிறுநீரில் அல்லது மலத்தில் இரத்தம் போகிறதா, சாப்பாடு எப்படி, மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று வினவினார். கால்களைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி முதுகையும் தோள்களையும் புயங்களையும் பார்த்தார். அங்கெல்லாம் தோல் தடித்து, திட்டு ஒன்றும் இல்லாமல் இருந்தது. பிறகு ஒரு திட்டின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். நிறம் வெளிறவில்லை.

"இஞ்ச பாருங்கோ. இது தோலுக்குள்ள கசிஞ்ச இரத்தம். வயது போனவைக்கு, அதிலயும் வெயிலில கிடந்தவைக்கு, கையின்ர வெளிப்பக்கத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சுபோம். உள்ள இருக்கிற இரத்த நரம்புகளுக்குத் தாங்குறதுக்கு ஒண்டுமில்லை. ஒரு மேசை விளிம்பு பட்டாலும் காணும், அவருக்கே தெரியாது. தோணியில எத்தனை வரியம் நிண்டவர்?"

"தாடி முளைக்க முந்தியிருந்து," என்றார் மீராசாஹிபு.

"சட்டையோட நிண்டனீங்களோ?"

"சட்டை போட்டுக்கொண்டு ஆர் பாய் இழுக்கிறது?"

கிறகரி சிரித்தார். "அடிச்ச அடையாளமெண்டா கண்டல் பச்சையாகி, மஞ்சளாகி மாறும், நோகும். புயத்தில, முதுகில, முகத்தில எல்லாம் கிடக்கும். இது அப்படி மாறாது. கறுத்து, துருநிறமாத் தங்கும். அங்க மங்க, இஞ்ச புதிசு வரும். இவர் அடி வாங்கின மனிசனில்லை, உம்மா."

"நாலு விரல் அளவா வரிசையா இருந்ததே, ஐயா."

"எழும்பேக்க ஆரும் முன்கையில பிடிச்சா அப்படித்தான் விழும். பிடிச்சதெண்டா அடிச்சதில்லை. மெல்லப் பிடிச்சாலும் விழும்."

துணி தானாகவே மிதந்து வந்தது. கோப்பித்தூளை உப்புநீரால் கழுவி நீக்கினார். தொங்கிய தோலை வெட்டுவார் என்று ஹவ்வா உம்மா நினைத்தாள்; அவர் வெட்டவில்லை. நனைந்த பஞ்சால் அதை மெல்ல உருட்டி, பழைய இடத்திலேயே விரித்துவைத்தார். எல்லா விளிம்பும் சேரவில்லை. சேர்ந்த மட்டில் விட்டார், இழுக்கவில்லை. கொதிக்கவைத்த மெல்லிய துணியில் வாசலின் தடவி அதன் மேல் வைத்து, பஞ்சு வைத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகச் சுற்றினார். ஒட்டுப்பிளாஸ்தரைத் தோலில் படவிடவேயில்லை. கடைசிச் சுற்றின் முனையைத் துணியோடு துணியாகச் செருகினார். பின் நீலப் பென்சிலால் கட்டின் மேல் ஓர் அம்பு வரைந்தார்.

"தோல் ஒட்டியிருக்கிற பக்கத்தில இருந்து, உரிஞ்ச பக்கம் நோக்கி. கழட்டுறவர் அம்பு போற பக்கமாக் கழட்டவேணும். எதிர்ப்பக்கமாக் கழட்டினா மறுபடி கிளம்பும். அடுத்த திங்கள் வரைக்கும் கழட்டவே வேண்டாம். சூடு, நாற்றம், சீழ், காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கொண்டு வாங்கோ. நனையவும் கூடாது."

"ஒலு எடுக்கவேணும்," என்றார் மீராசாஹிபு.

"அது எனக்குத் தெரியாத விஷயம், ஐயா. என்ர விஷயம் இது. நீங்கள் ஒரு நாளில அஞ்சு தரம் அவிழ்த்தா இது ஒரு நாளும் ஆறாது. சீழ் பிடிக்கும்."

"நான் தொழாமல் இருக்கேலாது."

"நானும் உங்களைத் தொழவேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றார் கிறகரி. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து லுஹருக்குச் செம்பைக் கொண்டுவந்தபோது, முதியவர் இடது கையால் கட்டின் முனையைத் தேடினார். ஹவ்வா உம்மா அவருடைய கையைத் தடுத்தாள். தடுத்த கையை உடனே எடுத்தாள். பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

"வாப்பா, மூர்வீதிப் பள்ளி ஆலிமைக் கேட்டுச் சொல்லுறன். கட்டுக்கு மேலால தடவலாமெண்டு கேள்விப்பட்டனான்."

"கேள்விப்பட்டதைச் சொல்லாதை. ஆதம்பாவா லெப்பை சொன்னாத்தான் கேப்பன். இத்தினை வரியமா எனக்கு மார்க்கம் சொன்னது அவர்."

"அவர் எருக்கலம்பிட்டியில இருக்கிறார்."

"எருக்கலம்பிட்டி மக்காவில இல்லை."

சிக்கல் அதுதான், அதைவிடத் தெளிவாக அதைச் சொல்ல முடியாது. லெப்பையை அழைத்தால் கட்டைக் காண்பார். கட்டைக் கண்டால் எப்படி வந்தது என்று கேட்பார். கேட்டால், தங்கையின் மேல் வைத்த குற்றம் முழுவதும் ஹவ்வா உம்மாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அழைக்காவிட்டால், தகப்பன் இன்றே கட்டை அவிழ்ப்பார், காயம் ஆறாது. அவள் கிணற்றடிக்குப் போய்ப் பாசியைத் தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவினாள். கல் தேய்ந்து வெளுக்கும்வரை தேய்த்தாள். உள்ளே வந்தபோது முதியவர் முனையைக் கண்டுபிடித்து ஒரு சுற்றை அவிழ்த்திருந்தார்.

"விடுங்கோ, வாப்பா. லெப்பைக்கு ஆள் அனுப்புறன். அவர் வாறவரைக்கும் பொறுங்கோ."

"லுஹர் போயிடும்."

"அஸருக்குள்ள வந்திடுவார்."

வண்டிக்காரன் போய், லுஹர் நேரம் முடியுமுன்னரே லெப்பையை ஏற்றிக்கொண்டு வந்தான். லெப்பையோடு சரீபாவும் வந்தாள். செய்தி அவள் வீட்டு வாசலைக் கடந்துதான் போயிருந்தது. முதியவரின் கட்டையும் இடது புறங்கையின் புதிய திட்டையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏன் ராத்தா, ஒரு கிழமைக்குள்ளேயே உங்களுக்கும் கை நீண்டிட்டுதோ?"

"சரீபா!" என்றார் லெப்பை.

"நான் கேட்டது பிழையோ, லெப்பை? என்னைப் பற்றிக் கேட்டது சரியெண்டா இதுவும் சரிதான்."

லெப்பை முதலில் வந்த காரியத்தை எடுத்தார். கட்டுக்கு வெளியே உள்ள நல்ல பகுதியைக் கழுவவேண்டும். அப்போதும் கட்டு நனையாமல், கையை ஈரமாக்கித் துடைப்பதுபோலச் செய்யலாம். ஈரக்கையால் கட்டின் மேல் தடவவேண்டும். காயத்துக்காக, தண்ணீருக்குப் பதில் மண்ணால் முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் செய்யவேண்டும். கட்டைத் தொடவேண்டாம்.

"அப்படித் தொழுத தொழுகை கூடுமோ?"

"இப்ப கூடும். ஆனா கட்டு தயம்மும் செய்யிற உறுப்பில கிடக்கிறதால, சுகமானபிறகு இந்தத் தொழுகையளைத் திரும்பக் கழாவாத் தொழவேணும்."

"திரும்பத் தொழுறதெண்டா இப்ப ஏன் தொழுறது?"

"நேரத்தின்ர மரியாதைக்கு."

மீராசாஹிபு அதை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தார். சலுகை என்று வந்திருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார். இரண்டு தரம் தொழவேண்டும் என்பது அவருக்குப் பொருத்தமாய்ப் பட்டது. "சரி," என்றார். செம்பைக் கொண்டுவரச் சொன்னார்.

தொழுகை முடிந்ததும் லெப்பை கேட்டார்: "தண்டல், இந்தக் காயம் எப்படி வந்தது?"

"வழுக்கினனான். இவள் பிடிச்சாள். பிடியாட்டி விழுந்து இடுப்பை உடைச்சிருப்பன்."

"மற்றத் திட்டுகள்?"

"தெரியாது."

"சரீபா வீட்டில வந்ததும்?"

"அதுவும் தெரியாது. ஒரே தெரியாதுதான் ரெண்டு இடத்துக்கும்."

லெப்பை ஹவ்வா உம்மாவைப் பார்த்தார். மூர்வீதியில் இருந்த எவரும் அவள் தலை குனிந்து கண்டதில்லை. அன்றும் அவள் குனியவில்லை. அப்போதிக்கரி சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே, தோல் மெலிவது முதல் மெல்லப் பிடித்தாலும் திட்டு விழும் என்பது வரை சொன்னாள். நீளக்கைச் சட்டையை ஏன் மாட்டினாள் என்பதையும் சொன்னாள்.

"சோளகமெண்டு சொன்னாள்," என்றார் தகப்பன்.

"அதை ஏன் இப்ப எடுக்கிறீங்கள், வாப்பா!"

"கேட்டினம். சொல்லுறன்."

"ஒருத்தரும் கேக்கேல்லை, வாப்பா," என்றாள் சரீபா. சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. ஹவ்வா உம்மா சிரிக்கவில்லை.

"காலமையில எப்படி எழுப்புறனி?" என்று தங்கையைக் கேட்டாள். குரல் வழக்கம்போல் கடுமையாகவே இருந்தது.

"மணிக்கட்டில பிடிச்சுத்தான். வேற எப்படி?"

"இனி அப்படிப் பிடியாதை. நானும் இப்ப பிடிக்கிறேல்லை. இடுப்பில துவாலையைச் சுத்தி, பின்னால நிண்டு பிடிக்கவேணும்."

"உங்களுக்கு நான் படிப்பிச்சா ஆகாது, எனக்கு நீங்கள் படிப்பிச்சா ஆகுமாக்கும்."

"ஓம்," என்றாள் ஹவ்வா உம்மா. "ஆகும்."

திங்கட்கிழமை கிறகரி அம்பின் வழியே கட்டைக் கழற்றினார். தோல் பெரும்பகுதி ஒட்டியிருந்தது. ஒரு விளிம்பு கறுத்து இறந்திருந்தது. அது தானாக உதிரும் என்று சொல்லி மறுபடி வாசலின் தடவிய துணி வைத்துக் கட்டினார். இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும் என்றார். அன்று முதியவரின் இடது முன்கையில், எவரும் தொடாத இடத்தில், இன்னொரு திட்டு வந்திருந்தது.

பத்தொன்பதாந் தேதி ஜும்ஆ முடிந்தபின், முன்னர் பேசிய அதே கூடத்தில், முன்னர் இருந்த அதே ஆட்களின் முன்னால் முடிவு சொல்லப்பட்டது. மீராசாஹிபுத் தண்டலின் கைகளில் உள்ள அடையாளங்கள் முதுமையாலும் வெயிலாலும் வந்தவை. எவரும் அடித்ததால் வந்தவையல்ல. ஹவ்வா உம்மா தான் சொன்ன குற்றத்தை அவ்விடத்திலேயே மீட்டுக்கொண்டாள். ஹுசைனிடமும் அதைச் சொன்னாள். காயம் முழுவதும் மூடும்வரை, ஆஸ்பத்திரி அருகில் இருப்பதால், முதியவர் மூர்வீதியிலேயே இருப்பார். சரீபா வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்ப்பாள். மூடியபின் அவர் எருக்கலம்பிட்டிக்குத் திரும்புவார். எந்த வீட்டிலும் அவரை முன்கையில் பிடிக்கக் கூடாது. கைகளைத் துணிக்கையுறையால் மூடிவைக்க வேண்டும். காலையும் மாலையும் தேங்காயெண்ணெயை இழுக்காமல் தடவவேண்டும். பிடிப்பவர்கள் காப்பையும் மோதிரத்தையும் கழற்றி, நகம் வெட்டியிருக்க வேண்டும். தோல் உரிந்தால் கோப்பித்தூள் போடக் கூடாது. அப்போதிக்கரியிடம் போக வேண்டும். புதிய திட்டு வந்தால் அதைக் குறித்து எவரும் எவரையும் கேட்கக் கூடாது.